"சரி விடுங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போறவருக்கு என்ன பதில் போடுறது?

நாத்தங்கால் · திங்கள், இரவு 9.10

டெல்டாவுல ஒரு உழவர் குழுவுக்கு வாட்ஸப்ல பயிர் ஆலோசனை சொல்ற வேலையில இருக்கேன். வேளாண் படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. ஒரே ஒரு சிக்கலுக்கு உங்க அனுபவம் வேணும்.

போன சம்பாவுல ஒருத்தர் வயல் படம் அனுப்பியிருந்தார். பயிர் நடுவுல முறம் அளவுக்கு ஒரு மஞ்சள் திட்டு. "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்"னு கேட்டார். திட்டு மட்டும் தெரியுது, அடித்தண்டு தெரியல. அதனால நான் கேட்டேன்: "என்ன ரகம்? நட்டு எத்தனை நாள்? கடைசியா என்ன உரம், எவ்வளவு போட்டீங்க? ஏற்கெனவே ஏதாவது மருந்து அடிச்சிருக்கீங்களா?" அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு: "சரி விடுங்க மேடம், பரவால்ல." நான் கட்டைவிரல் படம் ஒண்ணு போட்டுட்டு அடுத்தவர் செய்திக்குப் போயிட்டேன்.

9 நாள் கழிச்சு எங்க குழுவோட களப்பணியாளர் அந்தப் பக்கம் போயிருக்கார். புகையான் பூச்சி. ஒரு களம் அளவுக்கு வட்டமா எரிஞ்சு சாய்ஞ்சு கிடந்துச்சாம். நடுவுல அவர் கடையில கேட்டு மேலாக ஒரு மருந்து அடிச்சிருக்கார், பயிர் மஞ்சளா இருக்கேன்னு யூரியாவும் போட்டிருக்கார். ரெண்டுமே புகையானுக்குச் சோறு போட்ட கணக்கு. அன்னிக்கு நான் வேற மாதிரி பதில் போட்டிருந்தா அந்த வயல் தப்பிச்சிருக்கும்ங்கிற நினைப்பு என்னை விட்டுப் போகல.

இப்ப நேத்து இன்னொருத்தர். அதே மாதிரி திட்டு, அதே கேள்வி. படமும் 6 நொடி குரல் பதிவும் அனுப்பினார். இந்தத் தடவை ரெண்டு கேள்விதான் எழுதிக் கேட்டேன்: நட்டு எத்தனை நாள், யூரியா எவ்வளவு. ராத்திரி குரல்ல பதில்: "ஒண்ணுமில்ல, விடுங்கம்மா." இன்னும் நான் பதில் போடல. என்ன போடட்டும்?

---

உரக்கடை · திங்கள், 9.32

25 வருஷமா கல்லாவுல நிக்கிறேன், அந்த அனுபவத்துல சொல்றேன். கேள்வியே கேக்காதீங்க. மருந்து கேட்டு வந்தவர் கையில மருந்து பேரு வேணும். நீங்க கேள்வி கேட்டா, "இந்தப் பொண்ணுக்குத் தெரியல, அதான் நம்மளையே கேக்குது"ன்னு நினைச்சுக்குவார். பதிலை முதல்ல கொடுங்க, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம். உங்களுக்குச் செய்தி போடுற நேரத்துல முக்கால்வாசிப் பேரு ஏதோ ஒரு கடை வாசல்லதான் நிப்பாங்க. நீங்க கேள்வி எழுதி அனுப்புறதுக்குள்ள எங்க கடைப் பையன் டப்பாவை எடுத்து வச்சிருப்பான்.

---

பழைய டெப்போக்காரர் · திங்கள், 10.05

வேளாண் விரிவாக்கத்துல 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்காரர் சொல்றதுல பாதி சரி. கேட்டவர் கடை வாசல்ல நிக்கிறார்ங்கிறது ரொம்பச் சரியான கணிப்பு. "சரி விடுங்க"ன்னா பெரும்பாலும், இங்க பதில் வர்றதுக்குள்ள அங்க பதில் கிடைச்சிருச்சுன்னுதான் அர்த்தம்.

ஆனா மஞ்சள் திட்டுக்குக் கேக்காம மருந்து சொல்ல முடியாது. சத்துக் குறையா இருக்கலாம், துத்தநாகப் பற்றாக்குறையா இருக்கலாம், தண்ணி தேங்கினதா இருக்கலாம், புகையானா இருக்கலாம். படத்துல எல்லாம் ஒரே மஞ்சள்தான். தப்பா சொன்னா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துட்டீங்க. புகையான் தண்ணிக்கு ஒட்டினாப்ல அடித்தண்டுல உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேல தெளிக்கிற மருந்து தோகையோட நின்னுடும், பூச்சி மேல படாது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தா இருந்தா அதைத் தின்னுற சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் கொன்னுட்டு, புகையானைப் பெருக விட்டுடும்.

ஆக கேக்கத்தான் வேணும். எதைக் கேக்குறோம்ங்கிறதுதான் விஷயம். "யூரியா எவ்வளவு போட்டீங்க"ங்கிற கேள்வியை நான் சர்வீஸ்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அது தகவல் கேக்குற கேள்வி மாதிரி அவங்க காதுல விழாது, தணிக்கை மாதிரி விழும். கூட போட்டிருந்தா திட்டு விழும், குறைச்சுப் போட்டிருந்தா இளக்காரம். அந்தக் கேள்விக்கு "விடுங்க சார்"தான் மரியாதையான பதில்.

உங்களுக்கு அந்த நேரத்துல உண்மையிலேயே தேவைப்பட்டது ஒரே தகவல்: அடித்தண்டுல பூச்சி இருக்கா இல்லையா. அதை அவர் வாயால சொல்லக்கூட வேண்டாம், ஒரு படம் போதும். ரகம், நாள், உரம் எல்லாம் அதுக்கப்புறம்.

---

மூணு மா · செவ்வாய், காலை 6.20

நான் பயிர் வைக்கிறவன். ஆலோசனை சொல்றவன் இல்ல. அந்த "விடுங்க"வை நானே சொல்லியிருக்கேன், அதனால எழுதுறேன்.

எனக்கு ஒரு ஏக்கர், அதாவது மூணு மா. அதுல ரெண்டு மா குத்தகை. ரகம் என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரர் மிச்சம் கொடுத்த நாத்து அது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருக்கும். நட்டு எத்தனை நாள்னு கேட்டா வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும். ஆடு மேய்ச்சுக்கிட்டு நிக்கிறப்ப அதெல்லாம் யார் யோசிக்கிறது. "விடுங்க"ன்னு சொன்னா முடிஞ்சிரும்.

இன்னொண்ணு. நீங்க எழுதினதுல ஒரு இடத்தைப் படிச்சதும் நின்னுட்டேன். அவர் குரல்ல கேக்குறார், நீங்க எழுத்துல பதில் கேக்குறீங்க. குரல்ல பேசுறவர் எதுக்குக் குரல்ல பேசுறார்? எழுதப் படிக்கச் சிரமமா இருக்கலாம், கண்ணாடி வீட்டுல இருக்கலாம். உங்க ரெண்டு கேள்வியையும் அவர் முழுசா படிச்சாரோ இல்லையோ. "ஒண்ணுமில்ல"ன்னதும் குரல்லதான் வந்திருக்கு.

---

நாத்தங்கால் · செவ்வாய், 7.02

அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. போன சம்பா கேஸ்ல அவர் எழுத்துலதான் அனுப்பினார், அதனால ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சுட்டேன். இப்ப திரும்பப் போய் அந்தக் குரல் பதிவைக் கேட்டேன். பின்னாடி பம்புசெட் சத்தம். கடை வாசல் இல்ல, வயல்லயே நின்னுதான் கேட்டிருக்கார்.

---

தென்னந்தோப்பு · செவ்வாய், 8.15

இங்க விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்க போல. எங்க தோப்புல ஓலை எல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துப் போச்சு. கீழ ஊடுபயிரா இருக்கிற வாழை இலையும் கறுப்பா இருக்கு. வேர்ல மருந்து கட்டலாம்னு இருக்கேன். எந்த மருந்து?

---

பழைய டெப்போக்காரர் · செவ்வாய், 8.40

மரம் எத்தனை வயசு? கடைசியா எப்ப வேர்ல மருந்து கட்டினீங்க, என்ன மருந்து? தோப்புக்கு என்ன உரம் வச்சிருக்கீங்க?

---

மாத்திரை அட்டை · செவ்வாய், 9.25

நான் மருந்தாளுநர். பயிருக்கு இல்ல, மனுஷங்களுக்கு. இந்த "விடுங்க" எங்க கடையில தினமும் நடக்குது. ஒரு பொண்ணு வந்து மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டாங்க. டாக்டர் சீட்டு இருக்கா, எத்தனை நாள் தள்ளணும், ரத்தம் உறையுற பிரச்சினை ஏதாவது உண்டான்னு கேட்டேன். கேக்க வேண்டிய கேள்விகள்தான். ஆனா பின்னாடி நாலு ஆம்பளைங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. "வேணாம், விடுங்க"ன்னு போயிட்டாங்க. அவங்க எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் மாத்திக்கிட்டேன். கேக்குறதுக்கு முன்னாடி, எதுக்குக் கேக்குறேன்னு அரை வரி சொல்லிடுவேன். அப்புறம் யாராவது "விடுங்க"ன்னு திரும்பினா, "சாயந்திரம் 4 மணிக்குக் கூட்டம் இருக்காது, நான்தான் இருப்பேன்"னு மட்டும் சொல்வேன். எதுக்கு வந்தாங்கன்னு திரும்ப வாயெடுக்க மாட்டேன். அப்படி வந்தவங்க இருக்காங்க, வராதவங்களும் இருக்காங்க.

நாத்தங்கால், உங்க கேள்வி குழுவுல போச்சா, தனிச் செய்தியிலயா? 200 பேர் பார்க்குற இடத்துல "யூரியா எவ்வளவு போட்டீங்க"ன்னு கேட்டிருந்தா அதுவே காரணமா இருக்கலாம்.

---

நாத்தங்கால் · செவ்வாய், 9.50

தனிச் செய்திதான். ஆனா போன வருஷத்தது குழுவுல நடந்துச்சு. இப்ப யோசிச்சா அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

நான் எழுதி வச்சிருக்கிற பதிலைப் பாருங்க, பிடிக்கலைன்னா சொல்லுங்க:

"ஐயா, ஒண்ணுமில்லன்னு விட்டுடாதீங்க. விவரம் சொன்னாதான் சரியான ஆலோசனை சொல்ல முடியும். மஞ்சள் திட்டுக்குப் பல காரணம் இருக்கு. தயவுசெய்து நட்ட நாளும் உர விவரமும் அனுப்புங்க."

---

மூணு மா · செவ்வாய், 10.30

அம்மா, இதுல அவர் வேணாம்னு வச்சிட்டுப் போன ரெண்டு கேள்வியையே திரும்ப அவர் தலையில ஏத்துறீங்க. "விட்டுடாதீங்க"ன்னா அவர் பொறுப்பில்லாதவர்னு ஆகிப்போகுது. இதுக்கு அவர் பதிலே சொல்ல மாட்டார்.

---

தென்னந்தோப்பு · செவ்வாய், 10.41

சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்.

---

பழைய டெப்போக்காரர் · செவ்வாய், 11.15

தென்னந்தோப்பு ஐயா, ஒரே மூச்சுல நாலு கேள்வி கேட்டுட்டேன். அது என் தப்பு, உங்க பிரச்சினைக்கு அதுல எதுவுமே இப்பத் தேவையில்லை. மேல மத்தவங்களுக்குச் சொன்னதை நானே செய்யல.

நீங்க பாத்துக்குங்க, தடையில்ல. போறப்ப இதை மட்டும் எடுத்துட்டுப் போங்க. ஓலையில இருக்கிற கறுப்பு நோய் இல்ல. வெள்ளை ஈ ஓலையோட அடிப்பக்கம் உட்கார்ந்து தேன் மாதிரி கழிவை விடும், அது கீழ் ஓலையிலயும் ஊடுபயிர் மேலயும் விழும், அதுமேல கறுப்புப் பூசணம் படியும். கீழ்ஓலை ஒண்ணைத் திருப்பிப் பாருங்க. வெள்ளையா சுருள் சுருளா வட்டம் போட்ட மாதிரி இருந்தா அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் வந்தப்பலேர்ந்து பார்க்குறோம். அதுக்கு மருந்து அடிக்கிறதோ வேர்ல கட்டுறதோ நாங்க சொல்றதில்ல. ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வைக்கிற ஒரு சின்னக் குளவி இருக்கு, மருந்து அதை முதல்ல கொன்னுடும். விசையா தண்ணி பீய்ச்சி ஓலையைக் கழுவலாம், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், கறுப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையா காய்ச்சி, கரைச்சுத் தெளிச்சா காஞ்சு உரிஞ்சு விழும்.

திரும்ப வர்றதா இருந்தா எதுவும் எழுத வேண்டாம். அந்த ஓலை அடிப்பக்கப் படம் போதும். எப்ப வேணும்னாலும்.

---

உரக்கடை · செவ்வாய், 12.05

இப்பச் சொன்னீங்களே சார், இதைத்தான் நானும் சொன்னேன். முதல்ல கையில ஏதாவது கொடுங்க.

---

பழைய டெப்போக்காரர் · செவ்வாய், 12.30

ஒரு வித்தியாசம் இருக்கு. நீங்க கொடுக்கச் சொல்றது மருந்துப் பேரு. நான் கொடுத்தது, கேள்விக்குப் பதில் தெரியாமலே சொல்லக்கூடியதும், என் ஊகம் தப்பா இருந்தாலும் அவருக்குக் கெடுதல் பண்ணாததும். எல்லாப் பிரச்சினையிலயும் அப்படி ஒண்ணு கிடைக்கும்னு இல்ல, தேடினா பெரும்பாலும் கிடைக்கும்.

நாத்தங்கால், உங்க மஞ்சள் திட்டுக்கும் இருக்கு. சத்துக் குறையோ புகையானோ எதுவா இருந்தாலும், யூரியாவை ரெண்டு நாள் தள்ளிப் போட்டா பயிருக்கு ஒண்ணும் ஆகாது. புகையானா இருந்து யூரியா போட்டா ரொம்பக் கெடும். பயிர் பசுமையா, மென்மையா, அடர்த்தியா ஆக ஆக அது வேகமாப் பெருகும். ஆக "யூரியா பொறுங்க" எந்தப் பக்கம் பார்த்தாலும் நஷ்டம் இல்லாத பேச்சு. தண்ணியை வடிக்கச் சொல்றது அப்படி இல்ல. பூக்குற பருவமா இருந்தா யோசிக்கணும், மழைக்காலத்துல வடிகால் எங்க போகுதுன்னு பார்க்கணும், பக்கத்து வயல்காரர் சம்மதிக்கணும். அதைக் கேக்காம சொல்லாதீங்க.

ரெண்டாவது, எங்க பார்க்கணும்னு சொல்லுங்க. திட்டோட நடுவுல பார்த்தா பூச்சி இருக்காது. எரிஞ்ச பயிரை விட்டுட்டு அது ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கிற குத்தைப் பிரிச்சு, தண்ணிக்கு மேல நாலு விரல் உயரத்துல பார்க்கணும். தண்டைத் தட்டினா பழுப்புப் பூச்சி தண்ணியில விழுந்து மிதக்கும்.

---

நாத்தங்கால் · செவ்வாய், மதியம் 2.10

திருத்திட்டேன். இதைக் குரல்ல பேசப் போறேன்:

"சரிங்கய்யா. உங்க படம் என்கிட்ட பத்திரமா இருக்கு, திரும்ப அனுப்ப வேண்டாம். யூரியா மட்டும் ரெண்டு நாள் போடாதீங்க. வயல் பக்கம் போறப்ப, அந்த மஞ்சள் ஓரத்துல ஒரு குத்தைப் பிரிச்சு அடித்தண்டைப் பாருங்க. பூச்சி இருந்தா அதை ஒரு படம் எடுத்துப் போடுங்க, பேசவோ எழுதவோ வேண்டாம். நான் பார்த்துச் சொல்றேன்."

---

மூணு மா · செவ்வாய், 2.35

நல்லாருக்கு. ஒரு இடம் மட்டும். "போடாதீங்க" வேண்டாம். யூரியா மூட்டையை அவர் ஏற்கெனவே பிரிச்சுப் பாதி போட்டிருந்தா? திரும்பவும் திட்டு வாங்கின மாதிரி ஆகிடும். "யூரியா இருந்தா அப்படியே இருக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்"னு சொல்லுங்க. போட்டிருந்தாலும் அந்தப் பேச்சு அவரைச் சுடாது.

அப்புறம் "பூச்சி இருந்தா"ன்னு சொன்னா, இல்லாட்டி படம் வேண்டாம்னு ஆகிடும். இருந்தாலும் இல்லாட்டியும் படம் போடச் சொல்லுங்க. பூச்சி இருக்கா இல்லையான்னு முடிவு பண்ற வேலையை ஏன் அவர் தலையில வைக்கணும்?

---

மாத்திரை அட்டை · செவ்வாய், 3.00

குரல்ல பேசுறதா இருந்தா, டீக்கடையில நாலு பேர் நடுவுல அவர் அதைப் போட்டுக் கேப்பார்னு நினைச்சுப் பேசுங்க. நட்ட நாள், கடன், எந்தக் கடையில வாங்கினார், எதுவும் அதுல வரக் கூடாது. நீங்க எழுதியிருக்கிறதுல அப்படி எதுவும் இல்ல. சும்மா சொல்லி வைக்கிறேன்.

---

உரக்கடை · செவ்வாய், 3.20

அனுப்பிட்டு அவர் பதில் போடலன்னா? ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பக் கேப்பீங்களா? கேக்காதீங்கங்கிறேன். எங்க கடையில ஒருத்தர் வாங்காமப் போனார்னா, அடுத்த தடவை "அன்னிக்கு ஏன் போனீங்க"ன்னு கேட்டா தெருவையே மாத்திடுவார்.

---

பழைய டெப்போக்காரர் · செவ்வாய், 4.05

ஒரு தடவை கேக்கலாம்னு நான் சொல்வேன். புகையான் வெயிட் பண்ணாது. முட்டையிலேர்ந்து வளர்ந்த பூச்சியாகி அடுத்த முட்டை வைக்க ஒரு மாசத்துக்குள்ளதான் ஆகும். திட்டு தெரிய ஆரம்பிச்சுட்டா ஒரு வாரத்துல பரவிடும். அதனால 3-ம் நாள் ஒரே ஒரு செய்தி. "என்ன ஆச்சு, ஏன் சொல்லல"ன்னு ஆரம்பிக்காம, அவருக்கு உபயோகமான ஒரு சங்கதியோட ஆரம்பிக்கணும். "நேத்து மழை விட்டிருச்சு, உங்க பக்கம் தண்ணி வடிஞ்சுதா"ன்னு கேக்கலாம். அதுக்கும் பேச்சில்லன்னா நிறுத்திடணும். களப்பணியாளர் அந்த வழியாப் போறப்ப வரப்புல நின்னு பார்த்துட்டு வரட்டும்.

இதுல நானும் கடைக்காரரும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்ல.

ஆனா ஒரு இடத்துல மட்டும் "விடுங்க"வை ஏத்துக்கவே கூடாது. முதல் செய்தியில "மருந்து அடிச்சதுலேர்ந்து தலை சுத்துது", "வாந்தி வருது", "கண் மங்குது"ன்னு ஏதாவது வந்துட்டு, என்ன மருந்துன்னு நீங்க கேட்டதும் "ஒண்ணுமில்ல, விடுங்க"ன்னா உடனே போன் போடுங்க. எடுக்கலன்னா வீட்டு ஆளுக்கு, குழுத் தலைவருக்கு. மருந்து டப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க, இல்ல 108-ஐக் கூப்பிடுங்க. அங்க கூச்சம், மரியாதை எதுவும் பார்க்கிறதுக்கில்ல. பயிர்ப் பிரச்சினையில கதவைத் திறந்து வச்சிட்டு ஒதுங்கி நிக்கலாம். இதுல நிக்கக் கூடாது.

---

நாத்தங்கால் · செவ்வாய், 4.50

அனுப்பிட்டேன். 22 நொடி. மூணு மா அண்ணன் சொன்ன ரெண்டு திருத்தத்தோட.

நோட்டுலயும் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். எங்களுக்கு ஒரே நம்பர், காலையில நான், சாயந்திரம் வேற ஒருத்தர். இது வரைக்கும் திரும்ப வர்றவங்க முதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கு. அதுக்குப் பயந்தே பாதிப் பேர் வர மாட்டாங்க. இப்ப "விடுங்க"ன்னு போன ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி எழுதுறேன்: என்ன படம், நாங்க என்ன கேட்டோம், என்ன சொல்லி அனுப்பினோம். மூணு மாசம் கழிச்சு வேற பயிருக்கு வந்தாலும் பழசைத் தோண்டக் கூடாதுன்னு சாயந்திரத்து ஆள்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

---

நாத்தங்கால் · வியாழன், காலை 7.05

காலையில 6.38-க்கு அவர்கிட்டேர்ந்து ஒரு படம். ஒரு வார்த்தை இல்ல. குத்தைப் பிரிச்சு ஒரு கையால பிடிச்சிருக்கார், மத்த கையால படம் எடுத்திருக்கார். பாதிப் படத்துல அவர் விரல். தண்ணிக்கு மேல தண்டுல பழுப்புப் பூச்சி தெரியுது. எண்ணிப் பார்த்தேன், 7 தெரியுது, மறைவுல இன்னும் இருக்கலாம். குத்துல 14, 15 தூர் இருக்கும்னு தோணுது. ஒரு சிலந்தியும் தெரியுது. சார், பார்த்துட்டுச் சொல்லுங்க. தூருக்கு 1 பூச்சிங்கிற அளவைத் தாண்டலையே?

---

பழைய டெப்போக்காரர் · வியாழன், 7.40

ஒரு குத்தை வச்சு முடிவு பண்ண வேண்டாம், ஆனா இந்தக் குத்துல தாண்டல. சிலந்தி இருந்தா தூருக்கு 2 வரைக்கும் பொறுக்கலாம். இப்ப மருந்து வேண்டாம்னு சொல்லுங்க, அந்தப் பேச்சையே அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். யூரியா இன்னும் நிக்கட்டும். இப்ப அவர் உள்ள வந்துட்டார், அதனால ஒரு கேள்வி கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு: தண்ணி வடிக்க வழி இருக்கா? இருந்தா 3, 4 நாள் வடிச்சுக் காயப்போட்டுட்டு மறுபடி கட்டட்டும். இல்லாட்டி ஏழெட்டு அடிக்கு ஒரு தடவை பயிரை ரெண்டு பக்கமும் ஒதுக்கிச் சாய்ச்சு, ஒரு அடிக்கு வழி விட்டா காத்தும் வெயிலும் உள்ள போகும். ரெண்டு நாள் கழிச்சு இதே மாதிரி வேற நாலு குத்துல படம்.

---

மூணு மா · வியாழன், 8.10

நட்ட நாள் கேட்டுடாதீங்க இன்னும்.

---

நாத்தங்கால் · வியாழன், 8.20

கேக்கல அண்ணே. தண்ணிக் கேள்வி மட்டும் குரல்ல போட்டிருக்கேன்.

---

தென்னந்தோப்பு · வெள்ளி, இரவு 9.45

ஓலையைத் திருப்பிப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே வெள்ளைச் சுருள். ஆனா செவ்வாய்க்கிழமையே 40 மரத்துக்கு வேர்ல மருந்து கட்டிட்டோம் சார். இங்க நீங்க எழுதினதை இன்னிக்குத்தான் பார்த்தேன்.

---

பழைய டெப்போக்காரர் · வெள்ளி, 9.58

பார்த்தது நல்லது ஐயா. கட்டினதைப் பத்தி இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம், மிச்ச மரத்துக்குக் கட்டாதீங்க. முக்கியமானது இதுதான்: அந்த 40 மரத்துலயும் ஒரு அடையாளம் போட்டு, செவ்வாய்க்கிழமைத் தேதியை எழுதி வச்சுக்குங்க. அதுலேர்ந்து 45 நாளைக்கு இளநீரோ தேங்காயோ பறிக்க வேண்டாம். வெட்டுற ஆளுக்கும் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுங்க. மரத்தடியில மருந்துப் பை மிச்சம் கிடந்தா கையுறை போட்டு எடுத்துடுங்க, மாடு கட்டாதீங்க.

தண்ணி பீய்ச்ச உங்ககிட்ட பம்பு இருக்கா?

---

தென்னந்தோப்பு · வெள்ளி, 10.04

இருக்கு சார். டிராக்டர்ல மாட்டுறது.